ஊசிக்குழாயில் ஒன்று, ரிப்போர்ட்டில் வேறொன்று

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். வயது 61. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். வலது முழங்காலில் தேய்மானம் என்று பல வருடம் முன்பே சொல்லிவிட்டார்கள். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஐப்பசி மழையில் பால்வெட்டு நின்றுபோயிருந்த வாரத்தில், மகன் தோளைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வந்தார். முழங்காலைச் சுற்றிப் பச்சிலைப் பற்று, அதற்கு மேல் பழைய வேட்டித் துணி.

"சாரே, முட்டு மடக்க முடியல்ல. நாலு நாளா கண்ணு மூடல்ல."

தேய்மான வலி இப்படி வராது. தேய்மானக்காரர் நடந்தால் நோகும், உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். இவருக்குப் படுத்திருக்கும்போதும் வலி. பத்து டிகிரி மடக்கப் பார்த்ததற்கே கையைத் தட்டிவிட்டார். காய்ச்சல் 100.2 டிகிரி, அதாவது இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவு. விசாரித்ததில் இரண்டு விஷயம் வெளியே வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் வேறோர் இடத்தில் அதே முழங்காலுக்குள் வலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். அப்புறம், வீக்கம் வந்ததும் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரை இரண்டு வேளை சாப்பிட்டிருக்கிறார்.

ரத்தத்தில் வெள்ளணுக்கள் 11,400, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 96, யூரிக் அமிலம் 7.9. எக்ஸ்ரேயில் தேய்மானத்தோடு, குருத்தெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய சுண்ணாம்புக் கோடு. யூரிக் அமிலத்தைப் பார்த்ததும் உடன் இருந்த இளைய மருத்துவர் "கௌட்தான் சார்" என்றார். கௌட் என்பது யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் படிந்து வரும் வாதம். ஆனால் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருந்து, கௌட்டே இல்லாமல் நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர். சூடாக வீங்கிய ஒற்றை மூட்டில் விடை ரத்தத்தில் கிடைக்காது, மூட்டுக்குள் இருக்கும் நீரில்தான் கிடைக்கும்.

நீர் எடுக்கப் போகிறோம் என்றதும் அவர் மனைவி முன்னால் வந்தார். "நீரு எடுத்தா பின்ன எடுத்துக்கிட்டேதான் இருக்கணுமாமே சாரே?" இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது வரும். நீர் மறுபடி ஊறுவது எடுத்ததால் அல்ல, ஊற வைக்கும் காரணம் உள்ளேயே இருப்பதால். அதைச் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார்.

முதல் வேலை பற்றைக் கழுவி எடுப்பது. சுத்தம் மட்டும் நோக்கமல்ல. பற்றுக்கு அடியில் தோல் வெந்திருந்தாலோ, சிவந்து தோலுக்கே தொற்று பிடித்திருந்தாலோ அந்த இடம் வழியாக ஊசியை இறக்கக்கூடாது, தோலில் இருக்கும் கிருமியை நாமே மூட்டுக்குள் கொண்டுபோய் விட்டதாகிவிடும். இவருக்குத் தோல் நன்றாகவே இருந்தது.

மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்தோம். பதினைந்து இருபது டிகிரி மடங்கியிருந்தால் போதும். தொடைத் தசை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க முழங்கால் சில்லை இரண்டு விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பேன். சில் அசையவில்லை என்றால் நோயாளி பயத்தில் தொடையை இறுக்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த நிலையில் சில்லுக்கும் தொடையெலும்புக்கும் நடுவே ஊசி போக இடமே இருக்காது. இவரிடம் மழையைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் பேச்சுக் கொடுத்தேன். விலை என்றதும் பெருமூச்சு விட்டார், சில் தளர்ந்தது.

சில்லின் வெளிப்பக்க மேல் மூலையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே, ஒரு சென்டிமீட்டர் வெளியே. அதுதான் நுழைவிடம். உள்பக்கத்திலிருந்தும் போகலாம், ஆனால் அங்கே கொழுப்பும் சவ்வு மடிப்பும் ஊசி முனையை அடைத்துக்கொள்ளும். நீர் நிறைய இருந்தும் 'ஒன்றும் வரவில்லை' என்று கைவிடுவது பெரும்பாலும் அப்படித்தான் நேர்கிறது. அடையாளத்தைப் பேனா மையால் போட்டால் ஸ்பிரிட்டில் அழிந்துவிடும். முனையை உள்ளே இழுத்த பால்பாயிண்ட் பேனாவைத் தோலில் அழுத்தி எடுத்தால் வட்டமாகப் பள்ளம் விழும், அது கழுவினாலும் போகாது. குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால் இரண்டு முறை துடைத்து, தானாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் இதற்கு நேரமாகும். காயாமல் குத்தினால் துடைத்ததற்கே பலனில்லை.

மரத்துப்போகும் மருந்தை, லிக்னோகெய்னை, தோலிலும் அதன் அடியிலும் மட்டும் இரண்டு மூன்று மில்லி போட்டேன். அந்த மருந்து மூட்டுக்குள் போய்விடக்கூடாது. லிக்னோகெய்னுக்குக் கிருமி வளர்வதைத் தடுக்கும் குணம் கொஞ்சம் உண்டு. கல்ச்சருக்கு எடுக்கும் நீரில் அது கலந்தால் வளரவேண்டியது வளராமல் போகலாம். ஏற்கெனவே இரண்டு வேளை ஆன்டிபயாட்டிக் உள்ளே போயிருக்கும் ஆளிடம் இன்னொரு தடையை நாமே வைக்க வேண்டாமே.

பிறகு 18 கேஜ் ஊசி, 20 மில்லி சிரிஞ்ச். மெல்லிய ஊசி போட்டால் நோகாது என்று சிலர் 22 வைத்துக்கொண்டு போராடுவார்கள். நீர் கெட்டியாக இருந்தால் அதில் ஏறாது, நோயாளிக்குத்தான் இரண்டு குத்து. சில்லின் அடிப்பக்கத்தை நோக்கிச் சாய்வாக, பிஸ்டனை லேசாக இழுத்தபடியே போனேன். மூட்டு உறையைத் தாண்டும்போது கையில் ஒரு சின்ன விடுபடல் தெரியும். உடனே சிரிஞ்சில் நீர் வந்தது. இடது கையால் சில்லுக்கு மேலே இருக்கும் பையைக் கீழ்நோக்கித் தள்ளித் தள்ளிக் கொடுத்தேன். முதல் சிரிஞ்ச் நிறைந்ததும் ஊசியின் கழுத்தை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் பிடித்துக்கொண்டு சிரிஞ்சை மட்டும் மாற்றினோம். மொத்தம் 38 மில்லி.

சிரிஞ்சுக்குப் பின்னால் காலை நாளிதழைப் பிடித்துப் பார்ப்பது என் பழக்கம். ஆரோக்கியமான மூட்டு நீரில் எழுத்து பளிச்சென்று தெரியும். இதில் எழுத்தைப் படிப்பது இருக்கட்டும், தலைப்பு இருந்த இடமே தெரியவில்லை. மஞ்சளில் மோரைக் கலந்ததுபோல் இருந்தது. ஊசி முனையிலிருந்து ஒரு சொட்டு விட்டால் நல்ல நீர் சில சென்டிமீட்டர் நூலாக நீண்டுதான் அறும். இது தண்ணீர்போல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அழற்சி வந்தால் நீருக்கு அந்தப் பிசுபிசுப்பைத் தரும் ஹயலூரானிக் அமிலம் சிதைந்துபோகும், அதனால்தான் நூல் வருவதில்லை.

நீரைப் பிரித்தோம். ரத்தக் கல்ச்சர் பாட்டிலின் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, ஊசியை மாற்றி, பத்து மில்லி அதில். வெறும் தட்டில் தடவுவதைவிட இந்தப் பாட்டிலில் கிருமி வளரும் வாய்ப்பு அதிகம். கிருமியை மைக்ராஸ்கோப்பில் நேரடியாகத் தேட உதவும் கிராம் சாயத்துக்குக் கிருமிநீக்கிய வெறும் குழாயில் கொஞ்சம். எண்ணிக்கைக்கு, ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாயில் மூன்று மில்லி. படிகம் பார்க்க, சிரிஞ்சிலிருந்தே ஒரு சொட்டு நேராகக் கண்ணாடித் தகட்டில். ஈ.டி.டி.ஏ. பொடியும் சில வகை ஹெப்பாரினும் தாங்களே படிகமாகி ஏமாற்றும் என்பதால் குழாயிலிருந்து எடுத்துப் பார்ப்பதில்லை. எல்லாம் எடுத்த பிறகு நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் தொடங்கினோம்.

முக்கால் மணி நேரத்தில் எங்கள் லேப் தாள் வந்தது. வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டரில் 9,200. அதில் பாலிமார்ஃப், அதாவது கிருமியோடு முதலில் மோதும் வெள்ளணு வகை, 91 சதவீதம்.

இந்த எண்களை எப்படி வாசிப்பது என்று சொல்லிவிடுகிறேன். இயல்பான மூட்டு நீரில் வெள்ளணு 200க்குள் இருக்கும். தேய்மானம், ஜவ்வுக் கிழிசல் போன்ற இயந்திரக் கோளாறில் மூட்டு நீர் வைத்தால் 2,000க்குள் நிற்கும், பாலிமார்ஃப் கால்வாசிகூட இருக்காது. அதே வாரம் முட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார், மீன் கூடை சுமந்து சுமந்து முட்டு வீங்கியவர். அவருக்கு 45 மில்லி எடுத்தோம், விளக்கெண்ணெய் நிறம், நாளிதழில் சினிமா விளம்பரம்வரை படிக்க முடிந்தது. எண்ணிக்கை 450, பாலிமார்ஃப் 12. அந்தத் தாளைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டியதில்லை. 2,000க்கு மேல் போனால் அழற்சி: கௌட், முடக்குவாதம் எல்லாம் இங்கே. 50,000ஐத் தாண்டினால் கிருமித் தொற்று என்று வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

ஆனால் 50,000 என்பது வேலி அல்ல. 2007இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு இதைப் படிக்கட்டாகக் காட்டியது. 25,000ஐத் தாண்டினால் தொற்றுக்கான சாதக விகிதம் 2.9 மடங்கு ஏறுகிறது, 50,000ஐத் தாண்டினால் 7.7, ஒரு லட்சத்தைத் தாண்டினால் 28. பாலிமார்ஃப் 90 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 3.4. கௌட் மூட்டிலும் 60,000, 80,000 வருவதுண்டு. சீழ் பிடித்த மூட்டில் 20,000மே வருவதும் உண்டு, குறிப்பாக ஆரம்ப நாட்களிலும், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களிலும், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களிலும். செயற்கை மூட்டு வைத்தவருக்கு இந்தக் கணக்கே செல்லாது, அங்கே 3,000 வந்தாலே கவலைப்பட வேண்டும்.

சரி, நம் ஆளின் 9,200க்கு வருவோம். தாளை மட்டும் பார்த்தால் சாதாரண அழற்சி. இளைய மருத்துவர் கௌட் மாத்திரை எழுதலாமா என்று கேட்டார். தகட்டில் படிகமும் இருந்தது. எங்களிடம் முழுமையான போலரைசிங் மைக்ராஸ்கோப் கிடையாது. இரண்டு போலராய்டு தாள்களை, ஒன்று விளக்குக்கு மேலும் ஒன்று கண்வில்லைக்கு அடியிலும், குறுக்காக வைத்துச் சமாளிக்கிறோம். கௌட்டின் யூரேட் ஊசிகள் இருட்டில் பளிச்சென்று மின்னும். இங்கே இருந்தவை மின்னியும் மின்னாமலும் குட்டையான சாய்சதுரங்கள், சில வெள்ளணுக்களுக்கு உள்ளேயே. எக்ஸ்ரேயில் தெரிந்த சுண்ணாம்புக் கோட்டோடு சேர்த்தால் கால்சியம் பைரோபாஸ்பேட், அதாவது போலிக் கௌட். கிராம் சாயத்தில் கிருமி எதுவும் தெரியவில்லை. 9,200, படிகம் உண்டு, கிருமி இல்லை. மூன்றும் சேர்ந்தால் கோப்பை மூடிவிட ஆசை வரும்.

என்னை உறுத்தியது சிரிஞ்ச். 9,200 செல் இருக்கும் நீர் கலங்கலாக இருக்கும், ஆனால் நாளிதழை முழுசாக மறைக்காது. இன்னொன்று அந்த 91. எண்ணிக்கையும் சதவீதமும் ஒரே தாளில் வந்தாலும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எண்ணிக்கை நீர்த்த திரவத்தை நியூபாவர் சேம்பர் என்ற கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு எண்ணுவது. சதவீதம் நீர்க்காத நீரைத் தகட்டில் தடவி லீஷ்மன் சாயம் போட்டுப் பார்ப்பது. நீர்ப்பதில் தவறு நடந்தால் முதல் எண் கெடும், இரண்டாவது எண் கெடாது. நோயாளியின் நிலையும் சிரிஞ்சும் 91உம் ஒரு பக்கம் நிற்க, 9,200 மட்டும் தனியாக நின்றது.

மாடியேறி லேபுக்குப் போனேன். சேம்பர் இன்னும் மைக்ராஸ்கோப்பிலேயே இருந்தது. எட்டிப் பார்த்தால் கட்டங்களுக்கு நடுவே கந்தல் கந்தலாக ஏதோ மிதக்கிறது, ஒவ்வொரு கந்தலிலும் செல்கள் ஈபோல மொய்த்திருக்கின்றன. தனித்தனியாக நின்ற செல்களை மட்டும் டெக்னீசியன் எண்ணியிருந்தார், நாலு மூலைக் கட்டத்தில் 184. இருபது மடங்கு நீர்த்திருந்ததால் 50ஆல் பெருக்கி 9,200. கணக்கில் பிழையே இல்லை.

"எதில் டைல்யூட் பண்ணினீங்கம்மா?"

"டபிள்யூ.பி.சி. ஃப்ளூயிட்லதான் சார், எப்பவும்போல."

அங்கேதான் விஷயம். ரத்தத்தின் வெள்ளணு எண்ணப் பயன்படும் டர்க் திரவத்தில் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. சிவப்பணுவை உடைக்கத்தான் அது. ரத்தத்துக்கு அருமையான திரவம். மூட்டு நீரில் விட்டால், அதில் இருக்கும் ஹயலூரானிக் அமிலமும் புரதமும் சேர்ந்து பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல் திரிந்துவிடும். பழைய காலத்தில் இதையே ஒரு சோதனையாகச் செய்தார்கள். அசிட்டிக் அமிலத்தில் மூட்டு நீரைச் சொட்டினால் இயல்பான நீர் கெட்டியான உருண்டையாகும், அழற்சி நீர் துணுக்குத் துணுக்காக உதிரும். மியூசின் கட்டி சோதனை என்று பெயர், இப்போது யாரும் செய்வதில்லை. எங்கள் லேபில் அன்றைக்கு அது தெரியாமலே நடந்திருந்தது. துணுக்குகள் செல்களையும் வாரிக்கொண்டு குழாயின் அடியில் இறங்கிவிட்டன, பிப்பெட்டில் வந்தது மேலே நின்ற மிச்சம்.

டெக்னீசியனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு நூறு ரத்தம் பார்க்கிற இடத்தில் மாதம் இரண்டு மூட்டு நீர் வருகிறது. அதற்குத் தனித் திரவம் வேண்டும் என்று நானும் ஒருநாளும் மாடியேறிச் சொன்னதில்லை. இதற்கு முன் வந்த எத்தனை எண்ணிக்கையை நம்பி எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினேனோ என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

ஈ.டி.டி.ஏ. குழாயில் மீதி இருந்தது, எடுத்து ஒன்றேகால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. நேரம் போகப்போகச் செல்கள் சிதைந்து எண்ணிக்கை இறங்கும், ஒரு மணி நேரத்துக்குள் எண்ணுவதே நல்லது. என்றாலும் இது தாங்கும். குழாயை மெதுவாகப் பத்துமுறை கவிழ்த்து நிமிர்த்தி, இந்தமுறை நார்மல் சலைனில் ஒரு துளி மெத்திலீன் நீலம் சேர்த்து நூறு மடங்கு நீர்த்தோம். நீலம் வெள்ளணுவின் கருவைக் காட்டிக்கொடுக்கும், சலைனில் உடையாமல் நிற்கும் சிவப்பணுவோடு குழம்பாது. ரத்தம் அதிகம் கலந்த நீராக இருந்தால் 0.3 சதவீத உப்புநீர் போதும், சிவப்பணு உடையும், மியூசின் திரியாது. சேம்பரில் இப்போது கந்தல் இல்லை, மணல் தூவியதுபோல் செல்கள். நாலு கட்டத்தில் 248. நூறு மடங்குக்கு 250ஆல் பெருக்க வேண்டும்.

62,000.

படிகம் இருப்பது உண்மைதான், அது தொற்றை இல்லாமல் ஆக்காது. கிருமி புகுந்து குருத்தெலும்பை அரிக்கும்போது அதில் பதிந்திருந்த படிகம் உதிர்ந்து நீருக்குள் வருவதும் உண்டு. கிராம் சாயம் தொற்றுள்ள மூட்டிலேயே பாதிக்கு மேல் வெறுமையாகத்தான் வரும். கிருமி தெரிந்தால் முடிவு, தெரியாவிட்டால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அன்று மாலையே நாகர்கோவிலில் மூட்டைத் திறந்து கழுவ ஏற்பாடு செய்தோம். உள்ளே சீழ் இருந்தது.

மறுநாள் இரவு கல்ச்சர் பாட்டில் மணி அடித்தது: ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், நல்லவேளையாகச் சாதாரண மருந்துக்குக் கேட்கும் வகை. முதலில் தொடங்கிய வான்கோமைசினை நிறுத்தி செஃபாசோலினுக்கு மாறினார்கள். இரண்டு வாரம் நரம்பு வழியாக, பிறகு நாலு வாரம் மாத்திரை. இரண்டு வாரத்துக்கு முந்தைய அந்த ஊசியால்தான் வந்ததா என்று கேட்டால் நிரூபிக்க வழியில்லை. பால்வெட்டுக்காரர் கையில் காலில் கீறல் இல்லாத நாளே கிடையாது, சர்க்கரை வேறு.

ஆறாம் நாள் மறுபடி கொஞ்சம் நீர் சேர்ந்தது. மறுபடி எடுத்தோம், சலைனில் எண்ணினோம், 14,500. மூட்டுக்குச் சிகிச்சை கேட்கிறதா என்று பார்க்க எனக்குக் காய்ச்சலைவிட இந்த இறக்கம்தான் நம்பகம். அவர் மனைவி அப்போதும் பக்கத்தில்தான் நின்றார். "நான் சொன்னேன்லா சாரே, எடுத்துக்கிட்டே இருக்கணும்ணு?"

மூன்று மாதம் கழித்து வந்தபோது முழங்கால் 95 டிகிரி மடங்கியது. சரிவான தோட்டத்தை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் சமதரையில் இருக்கும் அறுபது மரத்தை மட்டும் வெட்டுகிறாராம். லேப் அலமாரியில் டர்க் திரவப் பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி 'ரத்தத்துக்கு மட்டும்' என்று டெக்னீசியன் எழுதி வைத்திருக்கிறார், பக்கத்திலேயே சலைன் பாட்டில் ஒன்று.